பொட்டு வைத்த லெவல்

அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகை அலுவலகத்தைவிடச் சற்று நீளம். உத்திரமேரூர் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, ‘செய்யாற்று வரத்துக் கால்வாய்கள் சீரமைப்புச் சிறப்பு உட்கோட்டம், முகாம் உத்திரமேரூர்’ என்று எழுதி மாட்டப் பார்த்தார்கள். சுவர் போதவில்லை. பலகையை இரண்டாக அறுத்து, பாதியை வாசலிலும் மீதியைச் சந்துப் பக்கமும் அடித்தார்கள். கடைத்தெருவிலிருந்து வருகிறவர்கள் ‘சிறப்பு’ வரைக்கும் படித்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். சந்து வழியாக வருகிறவர்களுக்கு ‘உட்கோட்டம், முகாம் உத்திரமேரூர்’ மட்டும் தெரிந்தது. அம்மை குத்துகிற முகாம் என்று நினைத்துக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தவர்களும் உண்டு.

நயா பைசாவும் பழைய அணாவும் ஒரே சுருக்குப் பையில் கிடந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் மணவாளன் அங்கே பயிற்சிக்கு வந்து சேர்ந்தான். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி ஓட்டுகிற தங்கவேலுவின் மகன். பட்டணத்துப் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்தவன். சர்க்கார் கொடுக்கும் சிறு உதவித்தொகையோடு ஒரு வருஷம் வேலை பழக வேண்டும். காகிதத்தில் அதற்கு ‘ஸ்டைபண்டரி அப்ரெண்டிஸ்’ என்று பெயர். உத்திரமேரூர் கடைத்தெருவில் அது ‘அப்பரண்டி’ ஆகி, கொஞ்ச நாளில் அவனுக்கு வேறு பெயர் இருந்ததே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

அந்த ஒரு வருஷத்தில் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. லெவல் பார்க்கக் கற்றுக்கொள்வது. முக்காலியின் மேல் தொலைநோக்கிக் குழாய் மாதிரி உட்கார்ந்திருக்குமே, அந்தக் கருவி. அதன் வழியாகத் தூரத்தில் நிற்கும் அளவுகோலைப் படித்தால் தரை எங்கே மேடு, எங்கே பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடலாம். கல்லூரியில் ஒரு லெவலுக்கு ஒரு வகுப்பே போட்டி போட்டது. மணவாளனுக்குக் கிடைத்ததெல்லாம் எதிரே கோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற பாத்திரம். பயிற்சி முடிந்ததும் பட்டணத்தில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. அங்கே பேச்சு கீச்செல்லாம் அப்புறம்தானாம். முதலில் லெவல் பெட்டியை முன்னால் வைத்து, “நிறுத்திக் காட்டு” என்பார்களாம். முந்தின வருஷம் அதே அலுவலகத்தில் பயிற்சி பெற்ற ஐசக் என்கிற பையன், பெட்டியின் கொக்கியைத் திறக்கத் தெரியாமலே வீடு திரும்பியதாக ஒரு பேச்சு இருந்தது.

உட்கோட்டத்தில் லெவல் இல்லாமல் இல்லை. இரண்டு இருந்தன. பழையது பெருநகரில் கால்வாய் ஓரமாகவே முகாம் போட்டிருந்த செக்ஷன் சூப்பர்வைசரிடம் தேய்ந்துகொண்டிருந்தது. புதியது, சீமைச் சரக்கு, உதவிப் பொறியாளர் வேதாசலத்தின் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் கொலு வீற்றிருந்தது. அலமாரிச் சாவி அவர் அரைக்கயிற்றில்.

வேதாசலம் கூரைக்குக் கீழேயும் தொப்பி போட்டுக்கொள்கிறவர். வெயிலுக்காகக் கண்டுபிடித்த அந்தத் தக்கைத் தொப்பியை அவர் பதவியின் ஓர் உறுப்பாகவே வளர்த்து வந்தார். வருகிறவர்களிடம் அலமாரியைக் காட்டி, “இந்த டிவிஷனிலேயே இது ஒண்ணுதான்” என்பார். உட்கோட்டம் தொடங்கியதிலிருந்து வேலைத் தலத்துக்கு அவர் போனது குறைவு. கேட்டால், “மூளை ஆபீஸ்ல இருக்கணும், கை கால் ஃபீல்டுல இருக்கணும்” என்று உடற்கூறு விளக்குவார்.

எந்த வரைபடமானாலும் அவருக்கு ஏழு காப்பி வேண்டும். கோட்டத்துக்கு ஒன்று, செக்ஷனுக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று, அந்த அவசரம் தொலைந்துவிட்டால் ஒன்று, அவர் மேஜைக்கு ஒன்று. ஏழாவது எதற்கென்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் எட்டாகிவிடும் என்ற பயம்.

அந்தக் காப்பிகளை எடுப்பதுதான் மணவாளனின் பொறியியல். இப்போது மாதிரி பொத்தானைத் தட்டினால் வந்து விழுகிற சமாசாரமா அது? மெழுகுத் துணியில் மையால் வரைந்த படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் முதலில் வைக்க வேண்டும். அதன் முதுகில் மருந்து பூசிய ஃபெர்ரோ காகிதத்தை வைத்து, சட்டத்தை இறுக்கி, மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்ச் சூரியனுக்குக் காட்ட வேண்டும். பச்சையும் மஞ்சளுமாக இருக்கிற காகிதம் வெந்து பழுத்துச் சாம்பல் நிறத்துக்கு வரும். ஓரத்தைத் திறந்து பார்த்துப் பதம் தெரிந்து எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் போட்டு அலசினால், ஆகா, கரு நீலம் பொங்கிக்கொண்டு வரும். கோடுகளெல்லாம் வெள்ளை வெளேர் என்று எழுந்து நிற்கும். கொடியில் போட்டுக் காய வைத்துவிட்டு அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பான். ஏரியிலிருந்து காற்று வரும். கால்வாயும் மதகும் கலங்கலும் நீல நீலமாகப் படபடக்கும். எத்தனையோ வருஷம் கழித்தும், ஈரமான ஃபெர்ரோ காகிதத்தின் அந்தத் துருப்பிடித்த வாசனை நினைவில் வந்தால் மணவாளனுக்கு மாடி வெயில் முதுகில் உறைக்கும்.

ஆனால் அதெல்லாம் பின்னால் வந்த இனிப்பு. அப்போது கசப்புதான். காப்பி எடுக்காத நேரத்தில் தபாலாபீசு. தபாலாபீசு இல்லாத நேரத்தில் வேதாசலம் வீட்டுக்குக் கத்தரிக்காய். உத்திரமேரூரில் எந்தக் கடையில் பிஞ்சுக் கத்தரிக்காய் கிடைக்கும், எந்தக் கடைக்காரன் அடியில் முற்றலைத் தள்ளுவான் என்பதில் அவன் ஒரு டிப்ளமா அளவுக்குத் தேறியிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது தங்கவேலு அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகக் கண்ணெல்லாம் நீலம்.

“இன்னாடா இது?”

“ஆபீஸ் வேலை நைனா.”

“ஆபீஸ்ல சாயம் போடறாங்களா? அதுக்கு இன்னாத்துக்குடா பட்டணத்துல போய்ப் படிச்சே? நம்ம தெருவுலியே சாயப் பட்டறை கீதே. சோறு வூட்ல துன்னுக்கினு வேலை செஞ்சிருக்கலாம்.”

அம்மா இந்திராணி உள்ளேயிருந்து, “கண்ணாடிச் சட்டம் துடைக்கணும்னானே, அந்தப் பட்டுத் துணித் துண்டு எடுத்து வெச்சிக்கீறேன், மறக்காம எடுத்துனு போவச் சொல்லு” என்றாள். நீளம் போதாமல் தறியில் மிஞ்சிய துண்டு. கீறல் விழாமல் கண்ணாடி துடைக்க அதைவிட ஒன்றும் கிடையாது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய மணவாளன், இந்தத் தடவை வேதாசலத்திடம் பேசிவிடுவது என்று தீர்மானித்தான். மரியாதையாகத்தான். சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற கை அவருடையது.

கத்தரிக்காய் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் வீட்டிலேயே ஆரம்பித்தான்.

“சார், உங்க நிழல்ல இருந்து எவ்வளவோ கத்துக்கினேன். அதுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்னே தெரியல சார். உங்களைப் போல ஒரு அதிகாரி கிடைக்கிறது பூர்வ ஜென்மப் புண்ணியம். அதனால, சார் மனசு வெச்சு, இன்னும் கொஞ்சம்… வேற மாதிரி வேலையும்… குடுத்தீங்கன்னா…”

வேதாசலத்தின் தொப்பியே நெகிழ்ந்தது. “கனகா! இங்க வா, கேளு இந்தப் பையன் சொல்றதை! அவனவன் வேலை ஜாஸ்தின்னு அழறான். இவன் இன்னும் வேலை குடுங்கறான்!”

கனகா அம்மாள் கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்தபடி, “அப்ப மண்ணெண்ணெய்க்கும் இவனையே அனுப்பலாமே” என்றாள்.

மறுநாளிலிருந்து மண்ணெண்ணெய் வரிசையும் காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷினும் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தன.

தலைமை எழுத்தர் கன்னியப்பன் விஷயத்தைக் கேட்டு உச்சுக் கொட்டினார். அவர் ஆபீசு ஆங்கிலத்தில் கரை கண்டவர். கரையைத் தாண்டி விஷயத்துக்குள் இறங்கியதில்லை.

“வாயால சொன்னா காத்துல பூடும்பா. எய்த்துல குடு. நான் டிராஃப்ட் போட்டுத் தரேன். எப்பிடி ஆரம்பிக்கிறேன் பாரு.”

ஆரம்பித்தார். முதல் பத்தியில் மணவாளன் மிகப் பணிவுடன் தலை வணங்கினான். இரண்டாம் பத்தியில் வணங்கியதற்கு நன்றி சொன்னான். மூன்றாம் பத்தியில், இவ்விதம் தலை வணங்கும் வாய்ப்பை அளித்தமைக்குக் கடமைப்பட்டான். கடைசி வாக்கியத்தின் வாலில், ‘பல்வகைப்பட்ட அனுபவங்களையும் பெற அருள்கூர வேண்டி’ என்று ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

வேதாசலம் முதல் பத்தியைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார், ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: ‘மிக நல்ல ஆங்கிலம். வருங்காலப் பயிற்சியாளர்களுக்கு முன்மாதிரியாக வைக்கவும். ஏழு காப்பி.’

டைப்பிஸ்ட் மார்த்தாள், “கார்பன்ல ஏழு எழாது சார், கடைசி ரெண்டு பேய் மாரி வரும்” என்று கையை விரித்துவிட்டாள்.

“அப்ப டிரேசிங் துணியில எழுதி ஃபெர்ரோ எடுக்கச் சொல்லு. அதுக்குத்தானே ஆள் இருக்கு?”

ஆகவே மணவாளன் தன் மனுவைத் தானே மெழுகுத் துணியில் அழகாக எழுதினான். தானே சட்டத்தில் இறுக்கினான். மாடிக்குத் தூக்கிப் போனான். காப்பி எடுப்பதைத் தவிர வேறு வேலை வேண்டும் என்று கேட்ட அந்த மனுவை ஏழு தடவை வெயிலில் வேக வைத்து, அலசி, கொடியில் போட்டான். ஏழு மனுவும் ஏரிக் காற்றில் தலை வணங்கின.

சாப்பாட்டு வேளையில் தூக்குச் சட்டியோடு மாடிக்கு வந்த மார்த்தாள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பெருநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அங்கே நடவு ஆட்களோடு வளர்ந்தவள். சுற்றிப் பேசத் தெரியாது.

“சிரிக்காதக்கா. எனக்கு வயிறு எரியுது.”

“சரி, சிரிக்கல. இன்னா வேணும் ஒனக்கு? ஒரே வாக்கியத்துல சொல்லு.”

“லெவலைத் தொடணும். நிறுத்திப் பாக்கணும்.”

“அதை இதுல எங்க எழுதிக்கீறே? காட்டு.”

மணவாளன் ஈரக் காகிதத்தில் மேலிருந்து கீழே தேடினான். ‘லெவல்’ என்கிற சொல்லே அதில் இல்லை. வேதாசலத்திடம் வீட்டில் பேசியதை நினைத்துப் பார்த்தான். அதிலும் இல்லை.

“மரியாதை வேணாங்கல தம்பி. மாலை போடு. மூஞ்சி மறையற அளவுக்கா போடுவாங்க? ‘சார், எனக்கு இது வேணும், இதுக்காக வேணும், இன்னிக்கு வேணும்.’ அவ்ளோதான். பெரிய எஞ்சினியர் வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷனுக்கு வராராம், இப்பத்தான் டைப் அடிச்சேன். அந்த லெவல் இருக்கிற அழகு ஒனக்கும் எனக்கும் தெரியும். அதைச் சொல்லிக் கேளு.”

இருக்கிற அழகு என்பது ஆயுத பூஜை சமாசாரம். அலுவலகத்தில் டைப்ரைட்டர், சைக்கிள், ஜீப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது, லெவலுக்கு மட்டும் வேதாசலம் தன் கையாலேயே வைத்தார். “கருவிக்குக் கண்ணுதான் உயிர்” என்று சொல்லி முன்பக்க மூடியைக் கழற்றி, தொலைநோக்கியின் கண்ணாடி முழுக்கச் சந்தனத்தை அப்பி, நடுவே குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பயபக்தியோடு மூடியைப் போட்டுப் பூட்டினார். சந்தனம் வாங்கி வந்தவன் மணவாளன். அதற்கப்புறம் அலமாரி திறக்கவே இல்லை. இப்போது பங்குனி.

திங்கட்கிழமை காலை வேதாசலத்தின் மேஜை முன்னால் போய் நின்றான். நாக்கு பழக்கதோஷத்தில் பூர்வ ஜென்மத்துக்குப் போகப் பார்த்தது. இழுத்து நிறுத்தினான்.

“சார், லெவல் கண்ணாடியில சந்தனம் காஞ்சு போயிருக்கும். பெரிய எஞ்சினியர் வர்றதுக்குள்ள நான் அதைத் துடைச்சு, ஒரு தடவை நிறுத்திப் பாத்து வெக்கிறேன் சார். சாவி குடுங்க. எனக்கு லெவல் தெரியாது. இன்டர்வியூல கேப்பாங்க. கத்துக்கணும் சார்.”

வேதாசலம் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் பையன் என்ன கேட்கிறான் என்று அவருக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை. புரிந்ததும் சங்கடமாகிவிட்டது.

“பூஜை போட்ட பொட்டுப்பா அது. நடுவுல அழிக்கலாமா? அடுத்த ஆயுத பூஜைக்குப் பாத்துக்கலாம்.”

“அதுக்குள்ள என் டிரெயினிங் முடிஞ்சிடும் சார்.”

“…பெரிய எஞ்சினியர் வருவார், காப்பி சாப்பிடுவார், கையெழுத்துப் போடுவார், போவார். லெவலைத் திறந்து பாக்கறதுக்கு அவர் என்ன சர்வேயரா?” தொப்பியைச் சரி செய்துகொண்டார். “கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல. போ. வர்றப்ப வெத்தலை வாங்கிட்டு வா.”

மணவாளன் வெற்றிலை வாங்கப் போனான். சாவி கிடைக்கவில்லைதான். ஆனாலும் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியிருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

வியாழக்கிழமை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பெரிய எஞ்சினியர் ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை. தலையில் ஒன்றும் இல்லை, கையில் ஒரு நரைத்த குடை. மாலையை வாங்கிக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நேரே வேதாசலத்தின் அறைக்குள் போனவர், அலமாரிக்கு எதிரே நின்றுவிட்டார்.

“இது என்ன, சந்நிதியா?”

“புது லெவல் சார். இந்த டிவிஷனிலேயே இது ஒண்ணுதான்.”

“ரொம்ப நல்லது. எடுங்க வெளியே. ஏரி மதகுச் சுவர்ல உயரம் குறிச்ச பெஞ்ச் மார்க் வெட்டியிருக்கும் இல்லையா? அதுலேர்ந்து கரை மட்டம் ஒண்ணு பாத்துடுவோம். காப்பி அப்புறம்.”

வேதாசலம் அரைக்கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். ஊர்வலம் ஏரிக்கரைக்குக் கிளம்பியது. முன்னால் குடை, அதன் பின்னால் தொப்பி, அதன் பின்னால் கன்னியப்பன், லெவல் பெட்டியோடு மணவாளன், கடைசியில் அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூலியாள் முனியன். பெட்டியைச் சுமப்பது மணவாளனுக்கு அதுதான் முதல் தடவை. கனத்தது. சுகமாகத்தான் இருந்தது.

கரை மேல் முக்காலியை விரித்து வேதாசலமே லெவலைப் பொருத்தினார். “மூடியை எடு” என்றார். முனியன் முன்பக்கம் போய் மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். சட்டென்று செருப்பில்லாத காலைச் சேர்த்து நின்று, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கோலைத் தூக்கிக்கொண்டு மதகை நோக்கி நடந்தான். பெரியவர்கள் ஒரு காரியத்தைச் செய்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்பது அவன் எண்ணம்.

வேதாசலம் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடினார். திருகினார். கண்ணை மாற்றிப் பார்த்தார். மறுபடி திருகினார்.

“என்ன தெரியுது?”

“கொஞ்சம்… பனிமூட்டமா இருக்கு சார்.”

பங்குனி மாத வெயில் உச்சந்தலையைப் பிளந்துகொண்டிருந்தது. பெரிய எஞ்சினியர் குடையைச் சாய்த்து வானத்தைப் பார்த்தார். கன்னியப்பன் விடவில்லை. “ஆமா சார், ஏரி பாருங்க. தண்ணி பக்கம் எப்பவும் ஒரு பனி…”

பெரிய எஞ்சினியர் தானும் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாக லெவலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். காய்ந்து வெடித்த சந்தனத்தின் நடுவே குங்குமம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

“மிஸ்டர் வேதாசலம், சாமிக்கு நெத்தியில பொட்டு வைப்பாங்க. நீங்க கண்ணுல வெச்சிருக்கீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. பயத்தில்.

“இந்தக் கருவிக்கு யார் பொறுப்பு?”

“டிரெயினிங் பையன் சார்,” என்றார் வேதாசலம், தொப்பிக்குள்ளிருந்து. “அவன்தான் துடைச்சு வெச்சிருக்கணும்.”

எல்லாக் கண்ணும் மணவாளன் மேல் திரும்பின. பேசாமல் இருந்தால் பெரிய எஞ்சினியர் கணக்கில் அவன் உதவாக்கரை. பேசினால் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற கை மடங்கிவிடும். மாடியில் மார்த்தாள் சொன்ன மூன்று வாக்கியம் ஞாபகம் வந்தது.

“சார், துடைச்சு வெக்கட்டுமான்னு திங்கக்கிழமை சாரைக் கேட்டேன். பூஜைப் பொட்டு, இருக்கட்டும்னு சார் பக்தியில சொல்லிட்டாரு. இப்ப உத்தரவு குடுத்தா உடனே துடைச்சிடறேன். ஆனா சார், லெவலை நான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல. தொட்டுக் கத்துக்கணும்னுதான் சாவி கேட்டேன்.”

“தொட்டதே இல்லையா? இத்தனை மாசம் என்ன பண்ணினே?”

“ஃபெர்ரோ பிரிண்ட் எடுத்தேன் சார். அது நல்லா வரும். மத்தபடி கடைக்குப் போவேன்.”

குரலில் புகார் இல்லை. கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரிதான் சொன்னான். பெரிய எஞ்சினியர் அவன் விரல்களைப் பார்த்தார். பிறகு வேதாசலத்தைப் பார்த்தார். வேதாசலம் மதகைப் பார்த்தார்.

“துடை,” என்றார் பெரிய எஞ்சினியர்.

சட்டைப் பையிலிருந்து பட்டுத் துண்டு வெளியே வந்தது. ஏரித் தண்ணீரில் ஒரு முனையை நனைத்து, சந்தனத்தை ஊற வைத்து, கண்ணாடியில் ஒரு கோடு விழாமல் மெல்ல மெல்ல எடுத்தான். ஆயுத பூஜையிலிருந்து மூடிக் கிடந்த கண் திறந்தது.

“இப்ப நிறுத்து.”

புத்தகத்தில் படித்ததெல்லாம் காலை வாரிவிட்டது. அடியில் மூன்று திருகாணி. ஒன்றைத் திருகினால் நீர்க்குமிழி இடது பக்கம் ஓடியது. இன்னொன்றைத் திருகினால் போன இடத்திலிருந்து வேறெங்கோ ஓடியது. வியர்வை கண்ணில் இறங்கியது. பெரிய எஞ்சினியர் குடைக்கடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காலம் போய்க்கொண்டே இருந்தது.

“ரெண்டையும் சேத்துத் திருகு,” என்று காதருகே யாரோ முணுமுணுத்தார்கள். “கட்டை விரல் ரெண்டும் உள்பக்கமா வரணும். ஆங்… அப்படித்தான். மெதுவா. இப்ப குழாயைக் குறுக்கால திருப்பு. மூணாவதை மட்டும் தொடு.”

வேதாசலம். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். தலையில் தொப்பி இல்லாத வேதாசலத்தை மணவாளன் அதுவரை பார்த்ததில்லை. வழுக்கை வெயிலில் பளபளத்தது. ஒரு காலத்தில் இந்த ஆள் வாய்க்கால் வாய்க்காலாக லெவல் சுமந்து நடந்திருப்பான் போல. மனிதர் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது.

குமிழி நடுவில் வந்து நின்றது.

மணவாளன் குனிந்து கண்ணை வைத்தான். குறுக்குக் கம்பி தெரிந்தது. கம்பிக்குப் பின்னால் மதகு, நீலமில்லாத நிஜ மதகு, தலைகீழாக. அந்தக் காலத்து லெவலில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். முனியன் கோலைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கினான். அவன் தலைக்குக் கீழே வானமே ஏரியாகக் கிடந்தது. எண்களும் தலைகீழாகத்தான் நின்றன. தட்டித் தடவி, கூட்டிப் பார்த்து, ஒன்றைச் சொன்னான். பெரிய எஞ்சினியர் குனிந்து சரி பார்த்தார்.

“ஒரு புள்ளி பிசகு. பழகினா சரியாயிடும். மிஸ்டர் வேதாசலம், நாளையிலேர்ந்து இவன் பெருநகர் லைனுக்குப் போகட்டும். இந்த லெவலும் போகட்டும். ஏழு காப்பி எனக்கு வேண்டாம். ரெண்டு போதும்.”

பிறகு, “நல்லாக் கேட்டே தம்பி” என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க நடந்தார்.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் மணவாளன் கால்வாய்க் கரையில்தான் கிடந்தான். பெருநகரிலிருந்து மாகறல் பக்கம் வரை, காய்ந்த கால்வாயில் லெவலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். முனியன் கோலை நட்டுவிட்டு, “பாத்தாச்சா சாமி? நானு மேலே கீறேனா, கீய கீறேனா?” என்று தூரத்திலிருந்து கத்துவான். “தொங்கறே முனியா, நல்லாத்தான் தொங்கறே!” என்று இவன் பதில் கத்துவான். மார்த்தாள் வீட்டிலிருந்து மோர் வரும். பிற்பாடு பெரிய அணைகளிலெல்லாம் வேலை பார்த்தான் மணவாளன். அந்த வறண்ட கால்வாயின் புழுதி போல ஒன்று அவனுக்கு எங்கேயும் மணக்கவில்லை.

பயிற்சி முடிகிற நாளும் வந்தது. வேதாசலம் சான்றிதழைத் தானே சொல்லி எழுத வைத்திருந்தார். அவருடைய நேரடிக் கண்காணிப்பில், அவரே கைப்பிடித்துக் கற்பித்த காரணத்தால், லெவல் பார்ப்பதில் பயிற்சியாளர் அபாரத் தேர்ச்சி பெற்றதாக அது தெரிவித்தது. முதலிலேயே கருவியைக் கொடுத்துவிடாமல் பையனுக்கு ஆர்வப் பசி வரட்டும் என்று காத்திருந்த தம் முறையையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தார். தொப்பி மறுபடி தலைக்கு வந்துவிட்டிருந்தது.

“வெறும் டைப் அடிச்சுக் குடுத்தா மதிப்பில்லப்பா. டிரேசிங் துணியில பார்டர் போட்டு எழுதச் சொல்லியிருக்கேன். ஃபெர்ரோ எடுத்துக்கலாம்,” என்றவர், கன்னியப்பனின் பக்கம் பார்க்காமல் தாழ்ந்த குரலில் கேட்டார்: “புதுசா ஒருத்தன் எடுக்கறான், எல்லாம் வெளுத்துப் போவுது. நீ… தொந்தரவு இல்லேன்னா… ஒரு ஏழு?”

அந்த அலுவலகத்தில் அவர் ஒருவரிடம் ‘தொந்தரவு இல்லேன்னா’ என்று சொன்னதை அன்றுதான் கேட்டார்கள். மார்த்தாளின் டைப்ரைட்டர் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

மணவாளன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான். பட்டுத் துண்டால் கண்ணாடியைத் துடைத்தான். வெயிலைக் காட்டி, ஓரம் திறந்து பதம் பார்த்து, தொட்டியில் அலசினான். நீலம் பொங்கி வந்தது. எந்த வேலையிலிருந்து தப்பிக்க அத்தனை பாடுபட்டானோ அந்த வேலையை அன்று சாயங்காலம் வரை அவன் முடிக்க மனமில்லாமல் செய்துகொண்டிருந்தான்.

இன்டர்வியூவில் லெவல் பெட்டியை வைத்தார்கள். கொக்கியைத் திறந்து, முதல் காரியமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள அனுமதி கேட்டான். கட்டை விரல் இரண்டும் உள்பக்கமாகத் திரும்பின. வேலை கிடைத்தது.

அந்தச் சான்றிதழ்ப் பிரதிகளில் ஒன்றை அவன் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய்த் தறிக் குழியில் உட்கார்ந்திருந்த தங்கவேலுவிடம் கொடுத்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வேதாசலத்தின் மேற்பார்வையையோ ஆர்வப் பசியையோ அவர் படிக்கவில்லை. காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பின்பக்கம் திருப்பினார். எச்சில் தொட்டு ஓரத்தில் தேய்த்து, விரலில் நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒட்டவில்லை.

“சாயம் நல்லாத்தான் ஏறிக்கீது,” என்றார்.